மூன்றாண்டு இயந்திரமா, ஆறாண்டு இயந்திரமா? ஆயுள் வேறுபடும் திட்டங்களை ஒப்பிடும் ஆண்டுத் தொகைக் கணக்கு

ஒரு தொழிற்கூடத்தில் பொதியிடும் இயந்திரம் ஒன்றை நிறுத்த ஓர் இடம்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு இரண்டு இயந்திரங்கள் போட்டியிடுகின்றன. முதலாவதின் விலை 1,000. அது மூன்று ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு 500 நிகரப் பணவரவு தரும். இரண்டாவதின் விலை 1,800. அது ஆறு ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு 490 தரும். இரண்டுக்கும் இறுதியில் விற்பனை மதிப்பு எதுவும் இல்லை. மூலதனத்துக்கு நிறுவனம் எதிர்பார்க்கும் வருவாய் 10 விழுக்காடு. தொகைகளை எந்த நாணயத்தில் வேண்டுமானாலும் ஆயிரங்களாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றை வாங்கினால் மற்றொன்றை வாங்க முடியாது. எதை வாங்குவது?

வரவுகளை 10 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து விலையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வழக்கமான நிகர நிகழ்கால மதிப்பு. அதைக் கணக்கிட்டால் மூன்றாண்டு இயந்திரத்துக்கு 243 கிடைக்கிறது, ஆறாண்டு இயந்திரத்துக்கு 334. எந்தத் திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பு அதிகமோ அதைத் தேர்ந்தெடு என்பதுதான் பாடநூலின் முதல் விதி. அதன்படி ஆறாண்டு இயந்திரம் வெல்கிறது. ஆனால் இந்த ஒப்பீடு நேர்மையானதன்று. மூன்று ஆண்டுகளில் சம்பாதித்த 243ஐ ஆறு ஆண்டுகளில் சம்பாதித்த 334க்கு எதிரே நிறுத்துகிறோம். முதல் இயந்திரம் நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் இடத்தைக் காலி செய்துவிடும். அதன்பின் அந்த இடம் மூன்று ஆண்டுகள் வெறுமனே கிடக்கும் என்று கணக்கு தானாகவே எடுத்துக்கொள்கிறது. அப்படிக் கிடக்கப் போகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யும் வழிதான் சமமான ஆண்டுத் தொகை. கருத்து எளிது. ஒரு திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பை அதன் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் ஒரே அளவான தொகையாகப் பரப்புகிறோம். அந்த ஆண்டுத் தொகைகளை அதே 10 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், தொடங்கிய நிகர நிகழ்கால மதிப்பே திரும்பக் கிடைக்க வேண்டும். ஆகவே நிகர நிகழ்கால மதிப்பை ஆண்டுத்தொகைக் காரணியால் வகுக்கிறோம். 10 விழுக்காட்டில் மூன்று ஆண்டுகளுக்கான காரணி 2.4869, ஆறு ஆண்டுகளுக்கானது 4.3553. ஆண்டுக்கு ஒன்று வீதம் அத்தனை ஆண்டுகள் கிடைக்கும் பணத்தின் இன்றைய மதிப்பு என்பதே அந்த எண்களின் பொருள்.

243.4ஐ 2.4869ஆல் வகுத்தால் 97.9. 334.1ஐ 4.3553ஆல் வகுத்தால் 76.7. இப்போது மூன்றாண்டு இயந்திரம் வெல்கிறது, அதுவும் ஆண்டுக்கு 21 வித்தியாசத்தில்.

இதே விடையை இன்னொரு பக்கத்திலிருந்தும் எட்டலாம். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், ஏனெனில் இயந்திரம் ஆண்டுதோறும் என்ன செலவு வைக்கிறது என்பதை அது கண்முன் காட்டுகிறது. விலையான 1,000ஐ மூன்றாண்டுக் காரணியால் வகுத்தால் 402. முதலையும் அதற்குரிய 10 விழுக்காடு வருவாயையும் மீட்க, ஆண்டுதோறும் ஒதுக்கவேண்டிய தொகை இது. வரவு 500, மிச்சம் 98. ஆறாண்டு இயந்திரத்தில் 1,800ஐ 4.3553ஆல் வகுத்தால் 413, வரவு 490, மிச்சம் 77. நீண்ட ஆயுளுக்காக நாம் 800 கூடுதலாகக் கொடுத்தும், ஆண்டுச் சுமை 402இலிருந்து 413ஆக ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. ஆறாண்டு இயந்திரம் தோற்பதற்கான காரணம் இந்த ஓரிடத்தில் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

விடை சரிதானா என்று பார்க்க ஒரு நேரடிச் சோதனை உண்டு. மூன்றாண்டு இயந்திரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்குவோம். முதல் முறை 243.4. இரண்டாம் முறையும் 243.4தான், ஆனால் அது மூன்றாம் ஆண்டின் இறுதியில் நிற்கும் மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவந்தால் 182.9. இரண்டும் சேர்ந்து 426. ஆறாண்டு இயந்திரத்தின் 334ஐவிட 92 அதிகம். இரு பக்கமும் இப்போது ஆறு ஆண்டுகள்தான், ஒப்பீடு நேரானது. இங்கே ஆயுள்கள் மூன்று, ஆறு என்று அமைந்ததால் இந்தச் சங்கிலிக் கணக்கு எளிதாக முடிந்தது. ஆயுள்கள் ஏழும் ஒன்பதுமாக இருந்தால் பொதுக் காலத்தை எட்ட 63 ஆண்டுகளுக்குப் பணவரவு எழுதவேண்டும். ஆண்டுத் தொகை அந்தச் சங்கிலியை எழுதாமலே அதன் முடிவைத் தருகிறது. அது வேறொரு முறையன்று, அதே சங்கிலியின் சுருக்கம். இதை நினைவில் வைத்திருந்தால் அது எங்கே பொய்யாகும் என்பதும் விளங்கிவிடும்.

அதற்குள் போகுமுன், கணக்கிடும்போதே நேரும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நிகர நிகழ்கால மதிப்பை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. 243ஐ மூன்றால், 334ஐ ஆறால் வகுத்தால் 81உம் 56உம் வருகின்றன. நம் எடுத்துக்காட்டில் வரிசை மாறவில்லை, அதனால்தான் இந்தத் தவறு பிடிபடாமல் தப்பிக்கிறது. ஆறாண்டு இயந்திரத்தின் நிகர நிகழ்கால மதிப்பு 450ஆக இருந்திருந்தால் எளிய வகுத்தல் 75 என்று காட்டி அதைத் தோற்கடிக்கும். சரியான ஆண்டுத் தொகையோ 103. அது மூன்றாண்டு இயந்திரத்தின் 98ஐ வென்றிருக்கவேண்டும். எளிய வகுத்தல் எப்போதும் நீண்ட ஆயுளுக்கு எதிராகவே சாய்கிறது.

இரண்டாவது, விரிதாளில் நேர்வது. NPV என்ற சூத்திரம் தனக்குக் கொடுக்கப்படும் முதல் தொகையையே ஓராண்டு கழித்து வருவதாகக் கொள்ளும். ஆகவே இன்று கொடுக்கும் விலையை அடைப்புக்குள் போடக்கூடாது, வெளியே கழிக்கவேண்டும்:

```
=NPV(10%,500,500,500)-1000
=PMT(10%,3,-243.4)
```

விலையையும் அடைப்புக்குள் போட்டால் 243க்குப் பதிலாக 221 வரும், ஆண்டுத் தொகை 89ஆகச் சுருங்கும். இரு திட்டங்களும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் வரிசையைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க இயலாது. 500இலிருந்து 402ஐக் கழித்துப் பார்க்கும் அந்த மாற்றுவழிதான் இங்கே காவல். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஓராண்டு நழுவியிருக்கிறது.

வரவு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து செலவு மட்டும் வேறுபட்டால், செலவை மட்டும் ஆண்டுத் தொகையாக்கி ஒப்பிடலாம். அப்போது குறைந்த எண்தான் வெல்லும். நம் எடுத்துக்காட்டில் வரவு 500, 490 என்று வேறுபடுவதால் அந்தச் சுருக்கம் பொருந்தாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆண்டுத் தொகை என்பது சங்கிலியின் சுருக்கம் என்றால், சங்கிலி உண்மையில் தொடருமா என்பதே முதல் கேள்வி. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அந்த இடத்தில் என்ன நடக்கும்?

அதே வேலைக்கு அதேபோன்ற இயந்திரத்தை மீண்டும் வாங்குவோம் என்பது பதிலானால் ஆண்டுத் தொகை சரியான கருவி. எதுவும் நடக்காது என்பது பதிலானால் அது தவறான கருவி. ஒரு சுரங்கத்தில் குறிப்பிட்ட அளவு தாதுதான் இருக்கிறது என்று வையுங்கள். வேகமாகத் தோண்டினால் மூன்று ஆண்டுகளில் தீரும், மெதுவாகத் தோண்டினால் ஆறு ஆண்டுகளில் தீரும். தீர்ந்த தாதுவை மீண்டும் தோண்ட முடியாது. இங்கே வேகமான வழியின் ஆண்டுத் தொகை உயரமாகத் தெரிவதற்குப் பொருளே இல்லை. வெறும் நிகர நிகழ்கால மதிப்பை ஒப்பிட்டு அதிகமானதை எடுக்கவேண்டும். ஆயுள் வேறுபட்டாலே ஆண்டுத் தொகைதான் என்று பலர் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். ஆயுள் வேறுபாடு மட்டும் போதாது, மீண்டும் செய்யக்கூடிய வேலையாகவும் அது இருக்கவேண்டும்.

வெறும் நிகர நிகழ்கால மதிப்புக்கும் ஓர் அனுமானம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். திட்டம் முடிந்தபின் கையிலிருக்கும் பணம் சரியாக 10 விழுக்காடுதான் சம்பாதிக்கும், அதற்குமேல் ஒரு காசும் இல்லை என்பது அது. எனவே அனுமானம் உள்ள முறை, இல்லாத முறை என்ற தேர்வு நம் முன் இல்லை. நான்காம் ஆண்டைப் பற்றிய இரண்டு வேறு நம்பிக்கைகளில் எது நம் நிலைமைக்குப் பொருந்துகிறது என்பதே கேள்வி.

நம் தொழிற்கூடத்தில் பொதியிடும் வேலை தொடரும். ஆகவே மீண்டும் வாங்குவோம். ஆனால் அதே விலைக்கா?

சங்கிலிக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இதற்கு ஓர் எல்லை கிடைக்கிறது. ஆறாண்டு இயந்திரத்தைச் சமன்செய்ய, இரண்டாம் முறை வாங்கும் மூன்றாண்டு இயந்திரம் இன்றைய மதிப்பில் 91 தந்தால் போதும். மூன்றாம் ஆண்டின் மதிப்பில் அது 121. கணக்கு எதிர்பார்ப்பதோ 243. ஆக, இரண்டாம் கொள்முதலில் சுமார் 123 வரை கூடுதல் செலவு வந்தாலும் தாங்கலாம். அதைத் தாண்டினால் விடை தலைகீழாகிவிடும். வரவு 500ஆகவே நிற்க, இயந்திரத்தின் விலை மட்டும் 1,000இலிருந்து 1,123ஆக ஏறினால் போதும். மூன்று ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஏற்றம்தான். 98க்கு 77 என்று பார்த்தபோது உறுதியாகத் தோன்றிய வெற்றி எவ்வளவு மெல்லிய தளத்தில் நிற்கிறது பாருங்கள்.

அந்த 123க்குள் விலையேற்றம் மட்டும் அடங்கினால் போதாது. முதல் இயந்திரத்தை வெற்றிடத்தில் நிறுத்துகிறோம். அப்போது நிற்கும் உற்பத்தி எதுவும் இல்லை. இரண்டாவதை நிறுத்தும்போது பழையதைக் கழற்றவேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் வேலை நிற்கும். ஒரு மாதம் நின்றால் 500இல் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 42 போய்விடும். விலையேற்றத்துக்கு மிஞ்சுவது 81. ஆண்டுத் தொகைக் கணக்கில் இந்த மாற்றுச் செலவு வருவதே இல்லை, ஏனெனில் அது இரண்டாம் சுற்றை முதல் சுற்றின் அச்சுப் பிரதியாக எண்ணுகிறது.

விலையேற்றம் என்றதும் பணவீக்கம் வந்துவிடுகிறது. இந்த முறையைப் பயன்படுத்துபவர்களிடம் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தில் எந்தப் பிழையும் இருக்காது, எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகவே இருக்கும், ஆனாலும் விடை தவறு.

ஆண்டுக்கு 500 என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உற்பத்திப் பிரிவினர் இன்றைய விலையில் போட்ட மதிப்பீடு அது. இன்றைய கூலி, இன்றைய விற்பனை விலை, இன்றைய மின்கட்டணம். அதையே எல்லா ஆண்டுகளுக்கும் நகலெடுத்திருப்பார்கள். 10 விழுக்காடு எங்கிருந்து வந்தது? நிதிப் பிரிவிலிருந்து. கடன் கொடுத்தவரும் பங்குதாரரும் கேட்கும் வருவாய் அது. எதிர்பார்க்கப்படும் பணவீக்கம் அதற்குள்ளேயே கலந்திருக்கிறது. பணவீக்கம் கழித்த தொகைகளைப் பணவீக்கம் சேர்ந்த வீதத்தால் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். நீண்ட ஆயுள் கொண்ட திட்டம் இதனால் அளவுக்குமேல் தண்டிக்கப்படுகிறது, ஏனெனில் அதன் வரவுகள்தாம் தொலைவில் இருக்கின்றன.

பணவீக்கம் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைப்போம். அப்போது உண்மை வீதம், 1.10ஐ 1.04ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் வரும் 5.77 விழுக்காடு. பத்திலிருந்து நான்கைக் கழித்து ஆறு என்று எழுதுவதும் உண்டு, ஆனால் வகுப்பதே சரி. இந்த வீதத்தில் மூன்றாண்டுக் காரணி 2.6845, ஆறாண்டுக் காரணி 4.9532. மூன்றாண்டு இயந்திரத்தின் ஆண்டுச் சுமை 372.5ஆகிறது, மிச்சம் 127.5. ஆறாண்டு இயந்திரத்தின் சுமை 363.4, மிச்சம் 126.6.

21ஆக இருந்த இடைவெளி 1க்கும் கீழே வந்துவிட்டது. இயந்திரமோ விலையோ வரவோ எதுவும் மாறவில்லை. வரவும் வீதமும் ஒரே மொழியில் பேசத் தொடங்கின, அவ்வளவுதான். ஆண்டுச் சுமையைக் கவனியுங்கள்: முன்பு ஆறாண்டு இயந்திரத்தின் சுமைதான் அதிகமாகத் தெரிந்தது, இப்போது அதுவே குறைவு.

பணவீக்கம் சேர்ந்த தொகைகளையும் 10 விழுக்காட்டையும் சேர்த்து வைத்தே ஆண்டுத் தொகை போடலாமே என்று கேட்கலாம். நிகர நிகழ்கால மதிப்பு வரை அதில் தவறில்லை. அதைச் சமமான ஆண்டுத் தொகையாக மாற்றும்போது சிக்கல் வருகிறது. பணவீக்கம் உள்ள உலகில் ஆண்டுதோறும் ஒரே எண்ணாக வரும் தொகையின் வாங்கும் திறன் குறைந்துகொண்டே போகும். அடுத்த சுற்றின் இயந்திரத்துக்கு இன்றைய விலையே நீடிக்கும் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். ஆகவே ஆண்டுத் தொகைக் கணக்கை உண்மை வீதத்தில், இன்றைய விலையில் போடுவதே பாதுகாப்பு. ஒப்பந்தத்தால் கட்டப்பட்ட வாடகை போல, பணவீக்கத்தோடு ஏறாத வரவு ஏதேனும் இருந்தால், அதை ஆண்டுக்காண்டு 1.04ஆல் வகுத்து இன்றைய விலைக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

இடர் வேறுபடும் திட்டங்களைப் பற்றி ஒரு சொல். இரு திட்டங்களையும் வெவ்வேறு வீதங்களில் தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தால் ஆண்டுத் தொகைகளை நேரடியாக ஒப்பிடக்கூடாது. 12 விழுக்காட்டில் கணக்கிட்ட 100ஐயும் 9 விழுக்காட்டில் கணக்கிட்ட 90ஐயும் பார்த்ததும் 100தான் பெரிது என்று தோன்றும். இரண்டும் முடிவின்றித் தொடரும் சங்கிலிகள் என்பதால் ஒவ்வொன்றையும் அதனதன் வீதத்தால் வகுக்கவேண்டும். 100ஐ 0.12ஆல் வகுத்தால் 833, 90ஐ 0.09ஆல் வகுத்தால் 1,000. சிறிய ஆண்டுத் தொகைதான் உண்மையில் பெரிய செல்வம்.

நம் தொழிற்கூடத்துக்குத் திரும்புவோம். இரண்டு இயந்திரங்களும் செய்வது ஒரே வேலை, இடரும் ஒன்றே, வேலையும் தொடரப் போகிறது. உண்மை வீதத்தில் பார்த்தால் ஆறு ஆண்டுகளுக்கு மூன்றாண்டு இயந்திரச் சங்கிலியின் மதிப்பு 631, ஆறாண்டு இயந்திரத்துடையது 627. நடுவில் ஒரு மாதம் வேலை நிற்பதைச் சேர்த்தால் சங்கிலியிலிருந்து 35 குறைகிறது. இப்போது ஆறாண்டு இயந்திரம் 31 முன்னே நிற்கிறது.

இதோடு முடித்துக்கொள்ளலாமா என்றால், கூடாது என்பேன். மூன்றாண்டு இயந்திரத்திடம் இந்தக் கணக்கில் ஏறாத ஒரு நன்மை இருக்கிறது: மூன்றாம் ஆண்டில் சந்தையை மீண்டும் ஒருமுறை பார்க்கும் உரிமை. அதற்குள் நல்ல இயந்திரம் மலிவாக வந்தால் அதை வாங்கலாம், வேலை குறைந்துவிட்டால் வாங்காமலே விடலாம். ஆறாண்டு இயந்திரத்தை வாங்கியவர் 1,800ஐக் கட்டிப்போட்டுவிட்டார்.

அந்த உரிமைக்குத் துல்லியமான விலை போட நான் முயலமாட்டேன். எந்த விலையில் முடிவு மாறும் என்பதை மட்டும் கண்டுபிடித்து முடிவெடுப்பவர் முன் வைப்பேன். 31ஐ மூன்றாம் ஆண்டுக்குக் கொண்டுபோனால், இன்றைய விலையில் சுமார் 36. அதாவது மூன்றாண்டு இயந்திரத்தின் உண்மை விலை அப்போது 1,000க்குப் பதில் 964ஆக இறங்கியிருந்தால் இரண்டு வழிகளும் சமம். விற்பவர் கேட்கப்போகும் விலையில் சொன்னால், மூன்று ஆண்டு பணவீக்கத்தையும் சேர்த்து 1,084. எனவே விற்பவரிடமும், அதே இயந்திரத்தை முன்பே பலமுறை வாங்கியவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்று ஆண்டு கழித்து இதே திறனுள்ள இயந்திரம் 1,084க்குள் கிடைக்குமா? கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் மூன்றாண்டு இயந்திரத்தையும், பொது விலைவாசியோடு சேர்ந்து 1,125ஐ நோக்கி ஏறும் என்றால் ஆறாண்டு இயந்திரத்தையும் வாங்கச் சொல்வேன்.